இரண்டு வாரத்தில் 0.8 மில்லிமீட்டர்: நீமோமெட்ரி அளவீட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பூப்பெய்தும் பருவத்தை எட்டாத ஒரு குழந்தை வருடத்துக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளர்கிறது. அதில் முழங்காலுக்கும் குதிகாலுக்கும் இடைப்பட்ட பகுதியின் பங்கு சுமார் இரண்டு சென்டிமீட்டர். வாரக் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். சுவரோரம் நிறுத்தி முழு உயரத்தை அளக்கும் ஸ்டேடியோமீட்டரில் கவனமாக அளந்தாலும் சில மில்லிமீட்டர் பிழை வரும். முதுகெலும்பு பகலில் அழுந்துகிறது, குழந்தை நிற்கும் விதமும் மாறுகிறது. ஒரு மருந்து வளர்ச்சியைக் குறைக்கிறதா என்பதை அந்த வழியில் அறிய பல மாதங்கள், பெரும்பாலும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

நீமோமெட்ரி முதுகெலும்பை விட்டுவிட்டு, உட்கார்ந்த நிலையில் முழங்கால் முதல் குதிகால் வரை மட்டும் அளக்கிறது. பயிற்சி பெற்ற கையில் பிழை 0.1 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் நின்றுவிடும். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் வால்க் என்பவரும் அவருடைய குழுவினரும் 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் இந்தக் கருவியை உருவாக்கினார்கள். டென்மார்க்கில் வோல்தர்ஸ், பெடர்சன் இருவரும் ஆஸ்துமா குழந்தைகளுக்குத் தரும் ஸ்டீராய்டுகளை இதைக்கொண்டு சோதித்தார்கள். 1990இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், தினம் 2.5 அல்லது 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற சிறிய அளவுகூட கால் வளர்ச்சியைக் குறைப்பது சில வாரங்களிலேயே தெரிந்தது.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்வது அந்த வகை ஆய்வை மட்டும்தான்: இன்ஹேலர் வழியே தரும் ஒரு ஸ்டீராய்டை இரண்டு வாரமும், மருந்தில்லாத போலி இன்ஹேலரை இரண்டு வாரமும் அதே குழந்தைக்குக் கொடுத்து, கால் வளர்ச்சியை ஒப்பிடுவது. கைக்குழந்தைகளுக்கென்று ஜெர்மனியில் ஹெர்மனுசன் உருவாக்கிய கையடக்கக் கருவி தனி விஷயம். அதன் பிடிமுறையும் பிழையும் வேறு.

கருவியைத் தெரிந்துகொள்ளுங்கள்

கருவியில் முக்கியமானவை நான்கு: முன்னும் பின்னும் நகர்த்தி இறுக்கக்கூடிய நாற்காலி, பாதம் வைக்கும் பலகை, முழங்காலின் மேல் வந்து அமரும் அளவுப் பலகை, அந்தப் பலகையின் நகர்வை எண்ணாகக் காட்டும் மின்னணு அளவுகோல். மேல் பலகை எப்போதும் ஒரே அழுத்தத்தில் முழங்காலில் அமர வேண்டும். அதற்காகவே அதில் எதிர் எடை இருக்கிறது. கையால் பலகையை அழுத்திப் பிடித்து அளந்தால் தோலும் அடியிலுள்ள திசுவும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவு அமுங்கும். அந்த ஒரு பழக்கமே இரண்டு வார வளர்ச்சியை விழுங்கப் போதும்.

தினமும் வேலை தொடங்கும் முன் நீளம் தெரிந்த ஓர் உலோகக் கோலை இரண்டு பலகைகளுக்கும் நடுவில் வைத்துச் சரிபாருங்கள். 400 மில்லிமீட்டர் அலுமினியக் கோல், அறை வெப்பம் 5 டிகிரி கூடினால் சுமார் 0.05 மில்லிமீட்டர் நீளும். எஃகுக் கோல் அதில் பாதியளவுதான் நீளும். ஆகவே எஃகுக் கோலையே வாங்குங்கள், அறையின் வெப்பத்தையும் குறித்துவையுங்கள். கோலின் அளவு முந்தைய நாளிலிருந்து 0.05 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் காரணம் தெரியும்வரை குழந்தையை உட்காரவைக்க வேண்டாம். பெரும்பாலும் ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கும், அல்லது பாதப் பலகையில் தூசி ஒட்டியிருக்கும்.

ஒரு குழந்தையை அளப்பது

ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் தேவையான அளவு அசையாமல் உட்காருவது அரிது. ஆறு முதல் பதினொன்று வயது வரை, பூப்புப் பருவத்தின் அறிகுறி எதுவும் தொடங்காதவர்களைத் தேர்ந்தெடுங்கள். பருவ வளர்ச்சி தொடங்கிவிட்டால் கால் நீளும் வேகம் தானாகவே மாறும். அதை மருந்தின் விளைவிலிருந்து பிரிக்க முடியாது.

குழந்தை வந்தவுடன் அளக்காதீர்கள். ஓடி விளையாடிவிட்டு வந்த காலில் குதிகாலின் கொழுப்புத் திண்டு அழுந்தியிருக்கும், திசுவில் நீரின் அளவும் மாறியிருக்கும். செருப்பு, காலுறை இரண்டையும் கழற்றச் சொல்லி, பத்து நிமிடம் அமைதியாக உட்காரவையுங்கள். அந்த நேரத்தில் முழங்காலையும் குதிகாலையும் கண்ணால் பாருங்கள். சிராய்ப்பு, வீக்கம், கொப்புளம், பூச்சிக்கடி ஏதாவது இருந்தால் பதிவேட்டில் எழுதுங்கள். முழங்கால் உச்சியிலேயே வீக்கம் இருந்தால் அன்றைய அளவு எதற்கும் உதவாது.

பிறகு நாற்காலியில் உட்காரவைத்து, தொடை கிடைமட்டமாகவும் முழங்கால் செங்கோணத்திலும் இருக்கும்படி நாற்காலியைச் சரிசெய்யுங்கள். குதிகால் பலகையில் முழுமையாகப் பதிய வேண்டும். நாற்காலியின் நிலை, பாதத்தின் இடம் இரண்டுக்கும் கருவியில் குறிகள் இருக்கும். முதல் சந்திப்பில் கிடைத்த எண்களை எழுதிவைத்து, அடுத்த ஒவ்வொரு முறையும் அதே எண்களில் வையுங்கள். எப்போதும் ஒரே கால். வலது கால் என்று தொடங்கினால் கடைசிவரை வலது கால்தான்.

மேல் பலகையை முழங்காலில் மெல்ல இறக்குங்கள். குழந்தையின் காலைப் பிடித்து, முழங்காலைச் சிறிது முன்னும் பின்னும், பிறகு இடமும் வலமும் நிதானமாக அசையுங்கள். கால் செங்குத்திலிருந்து சாயும்போது இரண்டு பலகைகளுக்கும் இடைப்பட்ட தூரம் குறையும், சரியாக நிமிரும்போது உச்சத்தைத் தொடும். அந்த உச்ச எண்தான் உங்களுக்கு வேண்டிய அளவு. திரையில் எண் ஏறி, ஒரு கணம் நின்று, இறங்கத் தொடங்குவதைப் பார்க்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால் உச்சம் இன்னும் வரவில்லை, அல்லது குழந்தை விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குகிறது. பின்னது மிகச் சாதாரணமாக நடப்பது. பலகை முழங்காலைத் தொட்டதும் குழந்தை தன்னையறியாமல் எதிர்த்து உந்தும். கெண்டைக்காலைத் தொட்டுப் பாருங்கள், இறுகியிருந்தால் காத்திருங்கள். "காலைத் தளர்த்து" என்று சொல்வதைவிட வேறு பேச்சுக்கு இழுத்தால் கால் தானாகத் தளரும்.

ஓர் அளவு முடிந்ததும் பலகையைத் தூக்கி, காலை வெளியே எடுத்து, மறுபடி வைத்து அடுத்ததை எடுங்கள். இப்படி நான்கு முறை. காலை எடுக்காமலே நான்கு எண்களை வாசித்தால் அவை அழகாக ஒத்துப்போகும். ஆனால் அது ஒரே அளவை நான்கு முறை எழுதியதுதான், காலை வைப்பதில் வரும் பிழை அதில் தெரியாது. நான்கின் சராசரியே அந்தச் சந்திப்பின் அளவு. நான்கில் மிகப் பெரியதும் மிகச் சிறியதும் 0.4 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் ஐந்து நிமிட ஓய்வு கொடுத்து நான்கையும் புதிதாக எடுங்கள். பிடிக்காத ஒன்றை மட்டும் அடித்துவிட்டு இன்னொன்று எடுக்காதீர்கள். எது "பிடிக்காதது" என்பதை உங்கள் எதிர்பார்ப்பே தீர்மானித்துவிடும்.

அதே காரணத்துக்காக, அளப்பவர் முந்தைய எண்களைப் பார்க்கக் கூடாது. அளப்பவர் ஒருவர், எழுதுபவர் இன்னொருவர் என்று பிரித்துவிடுங்கள். ஒரு குழந்தைக்கு ஆய்வு முழுவதும் ஒரே ஆள்தான் அளக்க வேண்டும். இருவர் மாறி அளந்தால் அவர்களுக்கிடையே நிலையான வேறுபாடு ஒன்று எப்போதும் இருக்கும், அது வளர்ச்சி போலவோ வளர்ச்சிக் குறைவு போலவோ தோன்றும். நேரமும் அப்படியே. பகல் போகப் போகக் கால் நீளம் சற்று மாறும் என்பதால், முதல் சந்திப்பு மாலை நான்கு மணிக்கு என்றால் மற்றவையும் அதை ஒட்டி ஒரு மணி நேரத்துக்குள் இருக்கட்டும்.

முதல் சந்திப்பைப் பழகும் சந்திப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, அந்த எண்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நல்லது. புதிய குழந்தை முதல் நாளில் விறைப்பாகவே இருக்கும்.

உங்கள் பிழையை முதலில் அளங்கள்

ஆய்வுக்கு முன் பத்துக் குழந்தைகளை இரண்டிரண்டு முறை அளங்கள். முதல் சுற்று முடிந்ததும் குழந்தை எழுந்து நடந்து, அரை மணி கழித்துத் திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு குழந்தையின் இரண்டு சராசரிகளுக்கும் உள்ள வேறுபாட்டை `d` என்று கொள்ளுங்கள்:

```
பிழை = √( Σd² / 2n )
```

பத்துக் குழந்தைகளின் `d²` கூட்டுத்தொகை 0.20 வந்தால், 0.20-ஐ 20-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்க, பிழை 0.1 மில்லிமீட்டர். 0.16-க்கு மேல் வந்தால் ஆய்வைத் தொடங்காமல் பயிற்சியைத் தொடருங்கள். இது ஒரே நாளுக்குள் கிடைக்கும் பிழை என்பதையும் மறக்க வேண்டாம். நாளுக்கு நாள் திசுவில் வரும் மாற்றம் இதில் அடங்கவில்லை, ஆகவே நிஜப் பிழை இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

இந்த 0.1 என்ன செய்யும் என்று பாருங்கள். வளர்ச்சி என்பது இரண்டு அளவுகளின் வித்தியாசம், அதனால் பிழை 0.1 × √2, அதாவது 0.14 ஆகிறது. ஒரே நாள் இடைவெளியில் கால் 0.06 மில்லிமீட்டர் நீளும், பிழையோ அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஒரு வார இடைவெளியில் 0.4 வளர்ச்சிக்கு 0.14 பிழை. இரண்டு வாரத்தில் 0.8-க்கு அதே 0.14, வார வேகமாக மாற்றினால் 0.4-க்கு 0.07. சோதனைக் காலத்தை இரண்டு வாரமாக வைப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் குழந்தையின் உடலிலேயே இருக்கிறது. கால் சீராக வளர்வதில்லை. சில நாள் விரைவாகவும் சில நாள் மந்தமாகவும் வளர்கிறது. இந்தக் குட்டி வளர்ச்சி வேகங்களை ஹெர்மனுசன் 1980களின் இறுதியில் இதே முறையால் விவரித்தார். காய்ச்சல் வந்த வாரத்தில் வேகம் சரியும். ஒரு வார இடைவெளியில் பார்த்தால் மருந்தின் விளைவையும் இயல்பான மந்தத்தையும் பிரிக்க முடியாது.

நடுவில் ஏழாம் நாள் ஒரு முறை அளந்தால் துல்லியம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். சம இடைவெளியில் மூன்று புள்ளிகள் வழியே நேர்கோடு வரைந்தால், கோட்டின் சரிவு முதல், கடைசிப் புள்ளிகளால் மட்டுமே தீர்மானமாகும். நடுப்புள்ளி சரிவை அசைப்பதில்லை. கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டி, ஏதோ கோளாறு என்று எச்சரிக்க மட்டுமே அது பயன்படும். அதே உழைப்பைத் தொடக்கத்திலும் முடிவிலும் அடுத்தடுத்த இரண்டு நாள்கள் அளப்பதில் செலவிட்டால் ஒவ்வொரு முனையின் பிழையும் √2 மடங்கு குறையும். குடும்பத்தால் வர முடிந்தால் அதையே செய்யுங்கள்.

ஆய்வின் நாட்காட்டி

மொத்தம் எட்டு வாரம். முதல் இரண்டு வாரம் பழகும் காலம். இதில் ஸ்டீராய்டு எதுவும் கிடையாது. அடுத்த இரண்டு வாரம் மருந்து அல்லது போலி மருந்து. பிறகு இரண்டு வாரம் மருந்தில்லா இடைவெளி, அடுத்த இரண்டு வாரம் மற்றது. பாதிக் குழந்தைகளுக்கு மருந்து முதலில், பாதிக்குப் போலி முதலில். எது எது என்று குழந்தைக்கும் பெற்றோருக்கும் அளப்பவருக்கும் தெரியக் கூடாது. எட்டு வாரத்தில் பெரும்பகுதி ஸ்டீராய்டு இல்லாமல் போகிறது என்பதால், அப்படி இருந்தாலும் நோய் கட்டுக்குள் நிற்கும் லேசான ஆஸ்துமாக் குழந்தைகளை மட்டும் சேர்க்க வேண்டும். மூச்சுத்திணறல் கூடினால் ஆய்வை நிறுத்திச் சிகிச்சை தருவது எப்படி என்பதும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இடைவெளியைச் சுருக்கும் ஆசை வரும், இடம் கொடுக்காதீர்கள். ஸ்டீராய்டு நின்றதும் தடைப்பட்ட வளர்ச்சி சிலருக்கு இயல்பைவிட வேகமாகத் திரும்பும். அந்த நாள்கள் போலி மருந்துக் காலத்துக்குள் விழுந்தால் போலியின் வேகம் ஊதிக் காட்டும், மருந்து நிஜத்தைவிட மோசமாகத் தெரியும். இரண்டு வரிசைகளிலும் சம எண்ணிக்கைக் குழந்தைகள் இருந்தாலும் இந்தத் தவறு முழுதாக நீங்காது.

வீட்டில் மருந்து சரியாக எடுக்கப்பட்டதா என்பதை எண்ணி அறியுங்கள். எண்ணிக்கை காட்டும் இன்ஹேலர் இருந்தால் முதல் நாள் எண்ணையும் கடைசி நாள் எண்ணையும் எழுதுங்கள். உறிஞ்சும் விதத்தை ஒவ்வொரு சந்திப்பிலும் செய்துகாட்டச் சொல்லுங்கள். மருந்து நுரையீரலுக்குப் போகாமல் வாயில் படிந்த குழந்தையிடம் கிடைக்கும் "விளைவு இல்லை" என்ற முடிவு மருந்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அந்த எட்டு வாரத்தில் வேறு ஸ்டீராய்டு, மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயும் தோலில் தடவும் களிம்பும் உட்பட, எடுத்தார்களா என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

ஒரு குழந்தையின் கணக்கு

விளக்கத்துக்காக ஓர் எட்டு வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். போலி மருந்துக் காலத்தின் முதல் நாளில் நான்கு அளவுகள்: 391.41, 391.28, 391.36, 391.31. சராசரி 391.34 மில்லிமீட்டர். பதினான்கு நாள் கழித்துச் சராசரி 392.16. வித்தியாசம் 0.82, வாரத்துக்கு 0.41. இடைவெளி முடிந்து மருந்து தொடங்கும் நாளில் 392.95. பதினான்கு நாள் மருந்துக்குப் பின் 393.37. வித்தியாசம் 0.42, வாரத்துக்கு 0.21.

இடைவெளிக் காலத்தையும் ஒரு பார்வை பாருங்கள்: 392.16-இலிருந்து 392.95, அதாவது வாரத்துக்கு 0.40. போலிக் காலத்தோடு ஒத்துப்போகிறது. அளவீட்டில் பெரிய வழுக்கல் இல்லை என்பதற்கு இது நல்ல அடையாளம்.

மருந்துக் காலத்தில் வேகம் 0.20 குறைந்தது. ஒவ்வொரு வேகத்திலும் 0.07 பிழை என்றால் இரண்டின் வித்தியாசத்தில் 0.10. குறைவு அதைவிட இரண்டு மடங்கு. இருந்தும் இந்த ஒரு குழந்தையை வைத்து "மருந்து வளர்ச்சியைத் தடுத்தது" என்று எழுத முடியாது. 0.10 என்பது கருவியின் பிழையை மட்டும் சொல்கிறது. வளர்ச்சி தானாக ஏறி இறங்குவது இதைவிடப் பெரியது.

அந்த ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து, குழந்தைக்குக் குழந்தை இந்த வித்தியாசத்தின் திட்ட விலக்கம் வாரத்துக்கு 0.3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 0.2 குறைவை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க எத்தனை குழந்தைகள்? வழக்கமான கணக்கில், அந்த வாய்ப்புக்கான மாறிலி 7.84-ஐ 0.3-இன் வர்க்கத்தால் பெருக்கி 0.2-இன் வர்க்கத்தால் வகுக்க வேண்டும்: 7.84 × 0.09 ÷ 0.04, சுமார் 18. சிறிய எண்ணிக்கைக்கான திருத்தமும் நடுவில் விலகுபவர்களும் சேர, 22 முதல் 24 பேரைச் சேர்ப்பது சரி. 24 பேர் முடித்தால் சராசரி வித்தியாசத்தைச் சுற்றி இருபுறமும் சுமார் 0.13 நம்பிக்கை எல்லை கிடைக்கும். ஆய்வில் விளைவு தெரியவில்லை என்றால் அந்த எல்லையை அவசியம் எழுதுங்கள். "வேறுபாடு இல்லை" என்பதும் "வாரத்துக்கு 0.13-க்கு மேற்பட்ட குறைவு இருக்க வாய்ப்புக் குறைவு" என்பதும் ஒன்றல்ல.

கால் சுருங்கியதாகக் காட்டினால்

மருந்துக் காலத்தில் சில குழந்தைகளின் கால் நீளம் குறைந்ததாகவே எண் வரும். எலும்பு சுருங்குவதில்லை. நீமோமெட்ரி அளப்பது எலும்போடு முழங்கால் தோல், குதிகால் திண்டு, இடையிலுள்ள குருத்தெலும்பு எல்லாம் சேர்ந்த நீளத்தை. ஸ்டீராய்டு திசுவின் நீரையும் தடிமனையும் மாற்றக்கூடியது. ஆகவே காணும் குறைவில் ஒரு பங்கு வளர்ச்சித் தட்டில் நடந்தது, இன்னொரு பங்கு மென்திசுவில் நடந்தது. எவ்வளவு எது என்று இந்தக் கருவி பிரித்துச் சொல்லாது. இதே காரணத்தால், உடலில் நீரைத் தேக்கும் வளர்ச்சி ஹார்மோன் போன்ற மருந்தின் முதல் நாள்களில் கால் "பாய்ந்து வளர்ந்தது" போலவும் தோன்றும்.

எதிர்மறை எண் வந்தால் முதலில் அந்த நாளின் எஃகுக் கோல் பதிவையும், நாற்காலி எண்களையும், கால் மாறிவிட்டதா என்பதையும் பாருங்கள். இவை சரியாக இருந்தால் எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே போனதை மட்டும் நீக்கினால் சராசரி ஒரு பக்கம் சாயும்.

எதற்கு இந்த முடிவு போதாது

இரண்டு வாரக் குறைவை 26-ஆல் பெருக்கி வருடக் குறைவாகச் சொல்வது இந்தத் துறையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. 0.4 × 26 = 10.4 மில்லிமீட்டர் என்று கணக்கு அழகாக வரும், ஆனால் உடல் அப்படி நடந்துகொள்வதில்லை. அமெரிக்காவில் நடந்த காம்ப் என்ற நீண்ட கால ஆய்வில் பியூடெசோனைடு இன்ஹேலர் எடுத்த குழந்தைகள் சில வருடங்களில் போலி மருந்துக் குழந்தைகளைவிடச் சுமார் 1.1 சென்டிமீட்டர் குறைவாக வளர்ந்தார்கள். அந்தக் குறைவு பெரும்பாலும் முதல் வருடத்தில் ஏற்பட்டது, வருடா வருடம் கூடிக்கொண்டே போகவில்லை. 2012இல் வெளியான தொடர் ஆய்வில் பெரியவர்களானபோது வித்தியாசம் 1.2 சென்டிமீட்டராக இருந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இன்ஹேலர், மூக்கு ஸ்டீராய்டுகளின் வளர்ச்சி விளைவுக்கு ஸ்டேடியோமீட்டரில் ஒரு வருடம் அளக்கும் ஆய்வை எதிர்பார்ப்பதும் இதனால்தான்.

நீமோமெட்ரி நன்றாகப் பதில் சொல்லும் கேள்வி வேறு: இந்த அளவில் தரும் இந்த மருந்து, இந்த இன்ஹேலரிலிருந்து, இரத்தத்தில் கலந்து வளரும் எலும்பைத் தொடும் அளவுக்குச் செல்கிறதா? பியூடெசோனைடில் 200, 400, 800 மைக்ரோகிராம் என்று மூன்று அளவுகளை வோல்தர்ஸ், பெடர்சன் ஒப்பிட்டபோது 800-இல் குறைவு தெளிவாகத் தெரிந்தது. ஒரே மருந்தின் அளவுகளையோ, இரண்டு இன்ஹேலர்களையோ பக்கத்தில் வைத்துப் பார்க்க இந்த முறை பொருத்தமானது. அறிக்கையில் வேகத்தை வாரத்துக்கு மில்லிமீட்டர் என்று மட்டும் எழுதுங்கள். பெற்றோர் "என் பிள்ளை எவ்வளவு குட்டையாவான்?" என்று கேட்டால், இந்த எண்ணிலிருந்து அதைச் சொல்ல முடியாது என்றே பதில் சொல்லுங்கள். உயரத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்டேடியோமீட்டரில் அளந்து வரைபடத்தில் குறிக்கும் ஏற்பாட்டை அப்போதே செய்துகொடுங்கள். மூச்சுக்கான மருந்தை அவர்களாக நிறுத்திவிட வேண்டாம் என்பதையும் அதே நேரத்தில் சொல்லிவிடுங்கள்.